ஒரு தொட்டியின் அட்டவணையும் அதன் நான்காம் வித்தியாசமும்

*“வணக்கம் சேர். கொட்டாஞ்சேனையில் எங்கள் பழைய களஞ்சியத்தின் பின்முற்றத்தில் ஒரு கருங்கல் நீர்த்தொட்டி இருக்கிறது. வரைபடம் எதுவும் இல்லை. பக்கத்துச் சுவரில் ஒரு அட்டவணை மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஆழம் 0, 20, 40 என்று 200 சென்ரிமீற்றர் வரை போகிறது. அவற்றுக்கான நீரின் அளவு முறையே 0, 1303, 2821, 4572, 6571, 8833, 11367, 14215, 17365, 20844, 24667 லீற்றர். இடைப்பட்ட ஆழங்களுக்கு எனக்கு ஒரு சூத்திரம் வேண்டும். எக்செலில் இருபடிக் கோடு போட்டால் R² = 0.9999 வருகிறது, 3 முதல் 6 வரை எந்தப் படியைப் போட்டாலும் 1 வருகிறது. வித்தியாசங்கள் எடுத்தும் பார்த்தேன், எந்த நிரலும் மாறிலியாக வரவில்லை. இது எத்தனையாம் படி?”*

மூன்றாம் படி. நீங்கள் தந்த பதினொரு எண்களில் ஒன்று பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. வித்தியாச நிரல்கள் மாறிலியாக வராமல் போனதற்கு அதுவே காரணம். எந்த எண் பிழை, அது என்னவாக இருந்திருக்க வேண்டும் என்பதையும் அதே வித்தியாச நிரல்களே சொல்லிவிடுகின்றன. தொட்டியைப் பாராமலேயே இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கான காரணத்தை முழுமையாக எழுதுகிறேன்.

முதலில், வித்தியாசம் என்பது உங்கள் தொட்டியில் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். அடுத்தடுத்த இரண்டு கனவளவுகளைக் கழித்தால் கிடைப்பது ஒரு 20 சென்ரிமீற்றர்ப் படலத்துக்குள் அடங்கும் நீர். அடியிலுள்ள முதற் படலத்தில் 1303 லீற்றர், அதற்கு மேலுள்ள படலத்தில் 1518, அதற்கு மேல் 1751. சுவர்கள் நான்கும் செங்குத்தாக இருந்திருந்தால் எல்லாப் படலங்களும் ஒரே அளவாக இருக்கும். முதல் வித்தியாசமே மாறிலியாகிவிடும். சார்பு ஒருபடிச் சார்பு. எதிரெதிரான இரண்டு சுவர்கள் மட்டும் வெளிப்புறம் சரிந்திருந்தால், நீளம் மாறாமல் அகலம் மட்டும் சீராகக் கூடும். ஒவ்வொரு படலமும் தனக்குக் கீழுள்ளதைவிட ஒரே அளவால் பெரிதாகும். இரண்டாம் வித்தியாசம் மாறிலியாகும். நான்கு சுவர்களும் சரிந்திருந்தால் நீளமும் அகலமும் சேர்ந்து கூடுவதால் பரப்பளவே ஆழத்தின் இருபடிச் சார்பாகிறது; அதன் திரட்டாகிய கனவளவு முப்படிச் சார்பாகிறது; மூன்றாம் வித்தியாசந்தான் மாறிலியாக வரும். ஆகவே தட்டையான சுவர்களையும் செவ்வக அடியையும் கொண்ட ஒரு தொட்டியைப் பொறுத்தவரை ‘எத்தனையாம் படி’ என்ற கேள்வியும் ‘எத்தனை திசையில் சுவர் சரிகிறது’ என்ற கேள்வியும் ஒன்றே.

இதன் பின்னாலுள்ள கணிதம் சிறியது. k³ என்பதை எடுத்து (k+1)³ − k³ என்று கழித்தால் k³ நீங்கி 3k² + 3k + 1 எஞ்சும். அதாவது ஒவ்வொரு முறை கழிக்கும்போதும் படி ஒன்று குறைகிறது. முன்னிலை உறுப்பின் குணகம் அப்போதைய படியால் பெருக்கப்படுகிறது. n-ஆம் படிப் பல்லுறுப்பியின் முன்னிலைக் குணகம் a ஆகவும், அட்டவணையின் இடைவெளி h ஆகவும் இருந்தால், n தடவை கழித்த பின் எல்லா இடங்களிலும் n! × a × hⁿ என்ற ஒரே எண் நிற்கும். இன்னொரு தடவை கழித்தால் எல்லாம் பூச்சியம். இடைவெளிகள் சமமாக இருந்தால் மட்டுமே இது உண்மை. உங்கள் அட்டவணை 20 சென்ரிமீற்றர் என்ற ஒழுங்கை ஓரிடத்திலும் விடவில்லை என்பதால் தடையில்லை. ஆனால் இத்தகைய சுவர் அட்டவணைகளில் கடைசி நிரை தொட்டியின் விளிம்பில், அதாவது 200-க்குப் பதில் 194 போன்ற ஓர் ஆழத்தில் நின்றுவிடுவது உண்டு. அப்படியானால் அந்த நிரையை விட்டுவிட்டே வித்தியாசம் எடுக்க வேண்டும்.

இப்போது உங்கள் எண்களை எடுத்துக்கொள்வோம். எக்செலில் ஆழங்களை A நிரலிலும் லீற்றர்களை B நிரலிலும், இரண்டாம் நிரையிலிருந்து தொடங்கி, வைத்திருந்தால் C3 இல் கீழ்க்காணும் சூத்திரத்தை எழுதி, கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் இழுத்துவிட்டாலே போதும். ஒவ்வொரு நிரலிலும் மேலே ஒரு நிரை கூடுதலாக வெறுமையாக விடப்பட வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்; அதாவது இரண்டாம் வித்தியாசம் D4 இலும் மூன்றாம் வித்தியாசம் E5 இலும் தொடங்கும்.

```
C3:  =B3-B2
D4:  =C4-C3
E5:  =D5-D4
F6:  =E6-E5
```

நீங்கள் தந்தபடியே எடுத்தால் இவை கிடைக்கின்றன:

```
Δ   1303 1518 1751 1999 2262 2534 2848 3150 3479 3823
Δ²  215  233  248  263  272  314  302  329  344
Δ³  18   15   15   9    42   -12  27   15
Δ⁴  -3   0    -6   33   -54  39   -12
```

முதல் வித்தியாசம் ஒழுங்காக ஏறுகிறது. அதை மட்டும் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டாம் வித்தியாசத்தில் 314-க்குப் பின் 302 என்று ஓர் இறக்கம் தென்படுகிறது. மூன்றாம் வித்தியாசத்தில் 18, 15, 15 என்று அமைதியாகத் தொடங்கிய நிரல் நடுவில் 9, 42, −12, 27 என்று துள்ளிவிட்டு மீண்டும் 15-க்கு வந்து அமர்கிறது. நான்காம் வித்தியாசத்தில் அந்தத் துள்ளலுக்கு ஒரு தெளிவான உருவம் வந்துவிடுகிறது: −6, 33, −54, 39, −12. குறி மாறி மாறி வருகிறது. நடுவில் பெரிதாகவும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகச் சிறுத்தும் செல்கிறது.

இந்த உருவத்தை மனதில் பதித்துக்கொள்வது நல்லது. எல்லாமே பூச்சியமாக உள்ள ஒரு நிரலில் ஒரேயொரு இடத்தில் e என்ற வழு புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வித்தியாசத்தில் அது e, −e என்று இரண்டு இடங்களில் தெரியும். இரண்டாவதில் e, −2e, e. மூன்றாவதில் e, −3e, 3e, −e. நான்காவதில் e, −4e, 6e, −4e, e. ஈருறுப்பு விரிவின் குணகங்கள் குறி மாறி நிற்கின்றன. பல்லுறுப்பியோ ஒவ்வொரு கழித்தலிலும் தேய்ந்து இல்லாமற் போகிறது. தனியொரு எண்ணில் உள்ள வழுவோ ஒவ்வொரு கழித்தலிலும் பரவிப் பெருகுகிறது. அதனால், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வழு நான்காம் நிரலுக்கு வரும்போது அப்பட்டமாக வெளிப்பட்டுவிடுகிறது. விமானத்திலிருந்து பார்த்தால் தெரியாத பள்ளம் காலடியில் தெரிவது போல, பெரிய எண்களின் ஓட்டம் நீங்கிய பின்னரே இந்தச் சிறிய எண் பார்வைக்கு வருகிறது.

உங்கள் நிரலில் நடு எண் −54. அது 6e ஆக இருக்க வேண்டும் என்பதால் e = −9. சரிபார்க்கலாம்: −4e என்பது 36, உங்கள் நிரலில் 33-உம் 39-உம் இருக்கின்றன. e என்பது −9; உங்கள் நிரலில் −6-உம் −12-உம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்றளவு ஏற்ற இறக்கம் எஞ்சுகிறது. அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன். நடு எண் எந்த நிரையை மையமாகக் கொண்டது என்று பார்த்தால், நான்காம் வித்தியாசத்தின் ஐந்தாவது எண் ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரையான மதிப்புகளால் ஆனது. அவற்றின் நடுவில் நிற்பது ஏழாவது மதிப்பு, அதாவது 120 சென்ரிமீற்றர் ஆழத்துக்குரிய 11367. அது 9 லீற்றர் குறைவாக இருக்கிறது. 9-ஐக் கூட்டினால் 11376. சுவரில் எழுதியவர் கடைசி இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதிவிட்டார். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம்மாறும்போது ஏற்படும் வழு எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும் என்பதால், e = −9 என்று வந்தவுடனேயே இந்தச் சந்தேகம் எழுந்தது; 76-உம் 67-உம் அதை உறுதிப்படுத்துகின்றன.

அச்சிட்ட அட்டவணைகளை நம்பிக் கணித்த காலத்தில் இது அன்றாட வேலை. கடலோடிகளுக்கும் வானியலாளருக்குமான அட்டவணைகளில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வித்தியாச நிரல்களை ஓட்டிப் பார்ப்பார்கள். சார்ள்ஸ் பாபேஜ் 1820-களில் வடிவமைக்கத் தொடங்கிய வித்தியாசப் பொறி இதே உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தியது: கடைசி வித்தியாசம் மாறிலி என்றால், அதிலிருந்து வெறும் கூட்டலால் முழு அட்டவணையையும் கட்டியெழுப்பலாம், பெருக்கல் தேவையில்லை.

திருத்திய எண்ணை வைத்து மறுபடி எடுத்தால் நிரல்கள் இவ்வாறு மாறுகின்றன:

```
Δ²  215  233  248  263  281  296  311  329  344
Δ³  18   15   15   18   15   15   18   15
Δ⁴  -3   0    3    -3   0    3    -3
Δ⁵  3    3    -6   3    3    -6
```

இப்போதும் மூன்றாம் வித்தியாசம் ஒரே எண்ணாக இல்லை. 15-க்கும் 18-க்கும் இடையில் ஆடுகிறது. பாடப்புத்தகத்தில் 16, 16, 16 என்று வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறி, அடுத்த நிரலுக்கும் அதற்கடுத்த நிரலுக்கும் போவார்கள். நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நிலைமை சீராவதில்லை, மோசமாகிறது. ஐந்தாம் வித்தியாசம் நான்காவதைவிடப் பெரியது; ஆறாவது எடுத்தால் 9 வரை போகும். நிரல்கள் சிறுத்துக்கொண்டே வந்து, ஓர் இடத்துக்குப் பின் மறுபடி வளரத் தொடங்குவதும், அதே வேளையில் குறிகள் கலந்து வருவதும், பல்லுறுப்பி முடிந்துவிட்டது, இனி எஞ்சியிருப்பது மட்டந்தட்டலின் வழு மட்டுமே என்பதற்கான அடையாளம்.

அந்த வழுவின் எல்லையை முன்கூட்டியே கணிக்கலாம். அட்டவணை எழுதியவர் முழு லீற்றருக்கு மட்டந்தட்டியிருக்கிறார். ஒவ்வொரு மதிப்பிலும் அதிகபட்சம் அரை லீற்றர் வழு இருக்கலாம். ஒரு தடவை கழித்தால் இரண்டு மதிப்புகளின் வழுக்களும் சேர்ந்து 1 லீற்றர் வரை ஆகலாம். இரண்டாம் வித்தியாசத்தில் 2, மூன்றாவதில் 4, நான்காவதில் 8, ஐந்தாவதில் 16. ஒவ்வொரு நிரலிலும் எல்லை இரட்டிக்கிறது. நடைமுறையில் வழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மிக மோசமான குறியில் வரமாட்டா. எனவே உண்மையான ஆட்டம் இதைவிடச் சிறியதாக இருக்கும். உங்கள் நான்காம் வித்தியாசம் முழுவதும் −3-க்கும் 3-க்கும் இடையில், அதாவது 8 என்ற எல்லைக்குள் நிற்கிறது. ஆகவே அதைப் பூச்சியத்திலிருந்து வேறுபட்டது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. மூன்றாம் வித்தியாசமோ 16-ஐச் சுற்றி நிற்கிறது. அதன் எல்லை 4 மட்டுமே. எனவே அதைப் பூச்சியம் என்று சொல்லவே முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்துதான் ‘மூன்றாம் படி’ என்ற விடையாகின்றன. எந்த நிரல் மாறிலி என்று கண்ணால் தேடுவதைவிட, எந்த நிரலிலிருந்து எண்கள் மட்டந்தட்டல் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன என்று கேட்பதே சரியான கேள்வி. பிழையான 11367-உடன் வந்த −54 இந்த 8 என்ற எல்லையைப் பலமடங்கு தாண்டியதால்தான் அதை மட்டந்தட்டலின் தலையில் கட்டாமல் எழுத்துப்பிழை என்று தீர்மானித்தேன். மேலே 33, 39 என்று மூன்றளவு ஆட்டம் எஞ்சியதற்கும் மட்டந்தட்டலே காரணம்.

இனி உங்கள் R² பற்றி. எக்செலின் போக்குக்கோடு 6-ஆம் படி வரை அனுமதிக்கும். படியைக் கூட்டக் கூட்ட R² ஒருபோதும் குறையாது. ஆகவே அது படியைத் தீர்மானிக்க உதவாது. அதைவிட, 0.9999 என்ற எண் எவ்வளவு பெரிய தவறை மறைக்கிறது என்று பாருங்கள். உங்கள் எண்களுக்கு மிகச் சிறப்பாகப் பொருந்தும் இருபடிச் சார்பை எடுத்தால், அது முற்றிலும் வெறுமையான தொட்டியில் 100 லீற்றருக்குச் சற்றே குறைவான நீர் இருப்பதாகச் சொல்கிறது. 24667 லீற்றர் வரை விரியும் ஓர் அட்டவணையில் 100 லீற்றர் என்பது R² இன் நான்காம் தசமதானத்தில்கூடச் சரியாகத் தெரியாது. வித்தியாச நிரலிலோ 215-இல் தொடங்கி 344 வரை இடைவிடாது ஏறும் இரண்டாம் வித்தியாசம், இருபடி போதாது என்பதை மறைக்காமல் சொல்கிறது. 6-ஆம் படியைப் போட்டிருந்தால் எதிர்மாறான கேடு நேர்ந்திருக்கும்: அந்தப் பிழையான 11367-க்கும் மட்டந்தட்டல் வழுக்களுக்கும் கூட வளைந்துகொடுக்கும் ஒரு சார்பு உங்களுக்குக் கிடைத்திருக்கும், R² அதற்கும் 1 என்றே மதிப்பெண் போட்டிருக்கும்.

படி தெரிந்த பின் சூத்திரத்தை எப்படி எழுதுவது என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மேல் நிரையில் உள்ள 1303, 215, 18 ஆகிய மூன்றையும் நியூற்றனின் முன்னோக்கிய வித்தியாசச் சூத்திரத்தில் அப்படியே போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். பத்தாவது இடைவெளிக்கு 10 × 1303 + 45 × 215 + 120 × 18 = 24865 என்று வருகிறது; அட்டவணையில் இருப்பது 24667. கிட்டத்தட்ட 200 லீற்றர் வித்தியாசம். உண்மையில் 16 ஆக இருக்க வேண்டிய மூன்றாம் வித்தியாசம் முதல் இடத்தில் மட்டந்தட்டலால் 18 ஆகிவிட்டது. அந்த 2 லீற்றரை 120 மடங்காக்கியதே இதற்கு முக்கிய காரணம். எல்லா மூன்றாம் வித்தியாசங்களின் சராசரியை எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் முழுத் தீர்வன்று: எட்டு மூன்றாம் வித்தியாசங்களைக் கூட்டும்போது நடுவில் உள்ளவை ஒன்றையொன்று அடித்துவிட்டு, இரண்டாம் வித்தியாசத்தின் முதல் எண்ணும் கடைசி எண்ணும் மட்டுமே எஞ்சுகின்றன; (344 − 215) ÷ 8 = 16.125 என்பதுதான் அந்தச் சராசரி. ஆக, பதினொரு மதிப்புகளில் இரு ஓரங்களிலும் உள்ளவற்றை மட்டும் கேட்டுவிட்டு மற்றவற்றைப் புறக்கணிக்கிறோம். எனவே வித்தியாசங்களைப் படியைத் தீர்மானிக்கவும் பிழையைப் பிடிக்கவும் பயன்படுத்துங்கள். குணகங்களுக்கு, திருத்திய அட்டவணையின் மேல் இழிவு வர்க்க முறையில் மூன்றாம் படியைப் பொருத்துங்கள். அதாவது, 11376 என்று திருத்திய பின் அதே எக்செல் போக்குக்கோட்டில் படி 3 என்று தெரிவுசெய்யுங்கள். ஆழத்தை மீற்றரில் x என்று வைத்தால், அண்ணளவாக இது கிடைக்கும்:

```
V = 6000x + 2500x² + 333.3x³   (லீற்றர்)
```

உதாரணமாக 130 சென்ரிமீற்றருக்கு 7800 + 4225 + 732 = 12757 லீற்றர். 120-க்கும் 140-க்கும் நடுவில் நேர்கோடு இழுத்துச் சராசரி எடுத்திருந்தால் 12795 அல்லது 12796 என்று வந்திருக்கும். 38 லீற்றர் அதிகம்.

இந்த முறை எங்கே கைவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெருக்கமான அட்டவணை கிடைத்தால் இன்னும் துல்லியமாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மூன்றாம் வித்தியாசத்தில் இடைவெளி மும்முறை பெருக்கப்பட்டு நிற்கிறது. உங்கள் சுவரில் 5 சென்ரிமீற்றருக்கு ஒரு நிரை இருந்திருந்தால், இடைவெளி நாலில் ஒன்றாகி, மூன்றாம் வித்தியாசம் 16-இன் அறுபத்துநான்கில் ஒன்றாக, அதாவது கால் லீற்றராகிவிடும். அது 4 லீற்றர் எல்லையுள்ள மட்டந்தட்டல் வழுவுக்குள் மூழ்கிப்போகும். மூன்றாம் நிரலை மட்டும் பார்ப்பவர் ‘எல்லாம் பூச்சியத்தைச் சுற்றித்தான் ஆடுகிறது, எனவே இருபடி’ என்று தவறாக முடிவெடுப்பார். அத்தகைய அட்டவணை வந்தால் நாலாவது நிரை ஒவ்வொன்றையும் மட்டும் எடுத்து வித்தியாசம் காண வேண்டும். அகன்ற இடைவெளி இங்கே நன்மை செய்கிறது. அதற்காக மிகவும் அகற்றிவிட்டால் நிரைகள் போதாமற் போகும். பதினொரு மதிப்புகள் எவையாக இருந்தாலும் பத்தாம் வித்தியாசத்தில் ஒரேயொரு எண்தான் மிஞ்சும். ஓர் எண் தன்னோடு தான் சமமாக இருப்பதை மாறிலி என்று கொள்ள முடியாது. மாறிலி என்று சொல்லும் நிரலில் குறைந்தது நாலைந்து எண்களாவது இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு.

உங்களுடையது கணித்தெழுதிய அட்டவணை. மட்டந்தட்டலைத் தவிர வேறு வழு இல்லாதது. யாராவது அளவுகோலை இறக்கி அளந்தெழுதிய அட்டவணையாக இருந்தால் கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் தாங்கிக்கு இப்படி அளந்த எண்களை என்னிடம் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நிரல் நூற்றுக்கணக்கில் மேலும் கீழும் துள்ளியது. அங்கே எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நீர்மட்டத்தை வாசிப்பதில் 1 மில்லிமீற்றர் தவறினாலே, உங்கள் தொட்டியின் மேற்பகுதி போன்ற 20 சதுர மீற்றர்ப் பரப்பில் அது 20 லீற்றர். மூன்றாம் வித்தியாசத்தில் அது எட்டு மடங்கு வரை பெருகலாம். 16 லீற்றர்ச் செய்தி 160 லீற்றர் இரைச்சலுக்குள் கேட்காது. அப்போது படியை வித்தியாசங்களால் தீர்மானிக்க முயல்வதை விட்டுவிட்டு, தொட்டியின் வடிவத்தை நேரில் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

வழு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். உங்கள் பிழை நடுவில் விழுந்ததால் 1, −4, 6, −4, 1 என்ற முழு உருவமும் தெரிந்தது. அதே பிழை கடைசி எண்ணில் இருந்திருந்தால் நான்காம் வித்தியாசத்தின் கடைசி இடத்தில் ஒரு −12 மட்டுமே தெரிந்திருக்கும். அது 8 என்ற எல்லையைத் தாண்டியதாகத் தெரிந்தாலும், உண்மையில் பிழையா, அல்லது அந்த இடத்திலிருந்து தொட்டியின் வடிவமே மாறுகிறதா என்று பிரித்தறிய முடியாது. படுக்கையாகக் கிடக்கும் உருளைத் தாங்கியின் அட்டவணையாக இருந்தால் எந்த நிரலும் அடங்காது, ஏனெனில் அதன் கனவளவு ஆழத்தின் பல்லுறுப்பியே அன்று; நடுப்பகுதியில் மூன்றாம், நான்காம் வித்தியாசங்கள் சிறிதாகவும் அடியிலும் உச்சியிலும் பெரிதாகவும் நிற்கும். தனிப் பிழையால் வரும் துள்ளல் ஐந்து இடங்களில் அடங்கிவிடும். வடிவத்தால் வருவது அடங்காது. இரண்டையும் வேறுபடுத்த இது போதும்.

இறுதியாக, நான் சொன்னதை நீங்கள் முற்றத்திலேயே சரிபார்க்கலாம். அடியின் நீளம் L, அகலம் W என்றும், ஒரு மீற்றர் உயரத்துக்கு நீளம் p மீற்றரும் அகலம் q மீற்றரும் கூடுகின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். x உயரத்தில் பரப்பளவு (L + px)(W + qx). அதைத் திரட்டினால் கன மீற்றரில் LWx + (Lq + Wp)x²/2 + pqx³/3 வரும். மேலே கிடைத்த குணகங்களை ஆயிரத்தால் வகுத்து ஒப்பிட்டால் LW = 6, Lq + Wp = 5, pq = 1. மூன்று சமன்பாடுகள், நான்கு தெரியாக் கணியங்கள். ஆகவே அட்டவணையால் மட்டும் தொட்டியின் உருவத்தை முழுமையாகச் சொல்ல முடியாது. நீளத் திசையிலும் அகலத் திசையிலும் சுவர் சரிந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி, ஏனெனில் pq பூச்சியமன்று.

எஞ்சிய ஒரு கணியத்துக்கு மேசனிடமிருந்து ஒரு தூக்குக்குண்டை வாங்கி, விளிம்பில் மரச்சட்டம் ஒன்றை உள்நோக்கி நீட்டி, குண்டை 1 மீற்றர் தொங்கவிட்டு, அது சுவரைத் தொடுவதற்கு விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே வர வேண்டியிருக்கிறது என்று நீளத்தின் திசையில் அளந்துகொள்ளுங்கள். அது 50 சென்ரிமீற்றராக இருந்து, எதிர்ப்பக்கச் சுவரும் அவ்வளவே சரிந்திருந்தால் p = 1; அப்போது q-உம் 1 ஆகிறது; L + W = 5, LW = 6 என்பதிலிருந்து நீருக்கடியில் இருக்கும் அடி 3 மீற்றருக்கு 2 மீற்றர் என்று கிடைக்கும். 200 சென்ரிமீற்றர் அடையாளத்தில் வாய் 5 மீற்றருக்கு 4 மீற்றராக இருக்க வேண்டும். அதை நாடாவால் அளந்து பாருங்கள். அளவு ஒத்துவந்தால் சுவரில் உள்ள 11367-ஐ அழித்து 11376 என்று எழுதிவிடலாம்.